கிளினிக்கல் டிரயல் சுருக்கம்: எந்தத் தலைப்பின் கீழ் எது வர வேண்டும்?

ஒரு மருத்துவருக்கு முன்னால் நோயாளி உட்கார்ந்திருக்கிறார். புதிய சிகிச்சை ஒன்றைப் பற்றிக் கேட்கிறார். மருத்துவர் பப்மெட்டில் தேடுகிறார். கட்டுரை கிடைக்கிறது, ஆனால் முழுக்கட்டுரைக்குச் சந்தா கேட்கிறது. இலவசமாகக் கண்ணில் படுவது சுருக்கம் மட்டும்தான். சுமார் 300 சொற்கள். அந்த 300 சொற்களை நம்பித்தான் அவர் பதில் சொல்லப் போகிறார்.

அதனால் சுருக்கத்தைக் கட்டுரைக்கான விளம்பரமாக நினைத்து எழுதக் கூடாது. கட்டுரை கையில் இல்லாதவருக்கும் ஆய்வில் என்ன நடந்தது என்பது அதிலிருந்தே தெரிய வேண்டும். இதற்காக இருப்பதுதான் கன்சார்ட் வழிகாட்டி. குலுக்கல் முறையில் ஆட்களைக் குழுக்களாகப் பிரித்து நடத்தும் ஆய்வுகளை, அதாவது சமவாய்ப்பு ஆய்வுகளை, எப்படி அறிக்கையாக எழுதுவது என்று சொல்லும் ஆவணம் அது. முதல் வடிவம் 1996இல் வந்தது. 2001, 2010, 2025 ஆண்டுகளில் திருத்தினார்கள். சுருக்கத்துக்கென்றே ஒரு தனிப் பட்டியல் 2008இல் வெளியானது. அதில் 17 அம்சங்கள். 250 முதல் 300 சொற்களுக்குள் இவை அனைத்தையும் சொல்லிவிட முடியும் என்று அதை உருவாக்கியவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள்.

முதன்முறை எழுதுகிறவர்கள் இங்கே ஒரு இடத்தில் குழம்புவார்கள். இதழ் கேட்கும் தலைப்புகள் வேறு, கன்சார்ட் பட்டியல் வேறு. ஓர் இதழ் பின்னணி, முறைகள், முடிவுகள், முடிவுரை என்று நான்கே தலைப்பு வைத்திருக்கும். இன்னொன்று நோக்கம், வடிவமைப்பு, இடம், பங்கேற்பாளர்கள், சிகிச்சைகள், முதன்மை விளைவு என்று எட்டு ஒன்பதாகப் பிரிக்கும். தலைப்புகளை இதழ்தான் முடிவு செய்யும், அதை நாம் மாற்ற முடியாது. அந்தத் தலைப்புகளுக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று கன்சார்ட் சொல்கிறது. நான்கு தட்டுகள் கொண்ட அலமாரியோ ஒன்பது தட்டுகள் கொண்டதோ, உள்ளே வைக்க வேண்டிய பொருள் ஒன்றேதான்.

இதை வெறும் பட்டியலாகப் படித்தால் மனதில் நிற்காது. ஒரு சுருக்கத்தை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். கீழே வரும் ஆய்வு உண்மையில் நடந்ததல்ல, விளக்கத்துக்காக நான் உருவாக்கியது. எண்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் இதே மாதிரியான முதல் வரைவுகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் 240 பேர். பாதிப் பேருக்கு வீட்டிலேயே செய்யும் உடற்பயிற்சி, கூடவே வாரம் ஒருமுறை தொலைபேசியில் வழிகாட்டுதல். மீதிப் பேருக்கு ஒரு தகவல் கையேடும் வழக்கமான கவனிப்பும். 12 வாரம் கழித்து வலியை 0 முதல் 100 வரையான அளவுகோலில் அளந்தார்கள். 0 என்றால் வலியே இல்லை. முதல் வரைவு இப்படி வருகிறது:

> பின்னணி: முழங்கால் மூட்டுத் தேய்மானம் பலரையும் பாதிக்கும் முக்கியமான பிரச்சினை. உடற்பயிற்சி நல்ல பலன் தரும் என்று முந்தைய ஆய்வுகள் கூறுகின்றன. ஆயினும் தொலைபேசி வழிகாட்டுதலின் பங்கு போதிய அளவு ஆராயப்படவில்லை.
>
> முறைகள்: மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். வலி, இயக்கம், காலை விறைப்பு, வாழ்க்கைத் தரம் முதலியவை அளவிடப்பட்டன.
>
> முடிவுகள்: பயிற்சிக் குழுவில் வலி குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது (p < 0.001). காலை விறைப்பிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது (p = 0.03). பெரிய பக்கவிளைவுகள் எதுவும் இல்லை.
>
> முடிவுரை: தொலைபேசி வழிகாட்டுதலுடன் கூடிய வீட்டுப் பயிற்சி பயனுள்ளது, பாதுகாப்பானது. இதைப் பரவலாகப் பரிந்துரைக்கலாம்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இதழ் கேட்ட நான்கு தலைப்புகளும் இருக்கின்றன. முடிவுகள் பகுதியில் பொய்யான எண் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் இதைப் படித்த மருத்துவர் தன் நோயாளியிடம் தவறான பதிலைத்தான் சொல்வார். ஏன் என்று மேலிருந்து கீழே வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் கட்டுரையின் தலைப்பு. 'சமவாய்ப்பு ஆய்வு' என்ற சொல் அதிலேயே வர வேண்டும் என்று கன்சார்ட் கேட்கிறது. காரணம் எளிமையானது. ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிறவர்கள் ஆயிரக்கணக்கான தலைப்புகளைச் சலித்தெடுப்பார்கள். தலைப்பில் அந்தச் சொல் இல்லையென்றால் நம் ஆய்வு அவர்கள் கையிலிருந்து நழுவிவிடலாம்.

அடுத்தது பின்னணி. முதல் வரைவில் மூன்று வாக்கியங்கள் இதற்கே போய்விட்டன. மூட்டுத் தேய்மானம் பெரிய பிரச்சினை என்பது இந்தச் சுருக்கத்தைத் திறந்தவருக்கு ஏற்கெனவே தெரியும். கன்சார்ட் பட்டியலில் பின்னணி என்று ஓர் அம்சமே கிடையாது, நோக்கம்தான் இருக்கிறது. இதழ் தலைப்பு கேட்பதால் ஒரு வாக்கியம் எழுதலாம். அந்த வாக்கியத்திலேயே நோக்கத்தையும் சேர்த்துவிட்டால் மிச்சமாகும் சொற்கள் கீழே முடிவுகள் பகுதிக்குத் தேவைப்படும்.

முறைகள் பகுதிக்கு வருவோம். யாரைச் சேர்த்தார்கள், எங்கே சேர்த்தார்கள், ஒவ்வொரு குழுவுக்கும் என்ன கொடுத்தார்கள் என்பதெல்லாம் நேரான விஷயம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். எழுதுகிறவர்கள் புதிய சிகிச்சையை விவரமாக எழுதிவிட்டு எதிர்க்குழுவை மறந்துவிடுவார்கள். 'எதோடு ஒப்பிட்டு?' என்ற கேள்விக்குப் பதில் இல்லாத சுருக்கத்தால் பயனே இல்லை. நம் வரைவிலும் கையேட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. போதாக்குறைக்குப் பயிற்சிக் குழுவுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதும் முறைகளில் இல்லை, முடிவுரைக்கு வந்தால்தான் தெரிகிறது. ஆய்வின் வடிவமும் இந்தப் பகுதியில்தான் வர வேண்டும். நம்முடையது இரண்டு குழுக்களும் ஒரே நேரத்தில் பக்கம் பக்கமாக நடந்த இணைவடிவ ஆய்வு. தனி ஆட்களுக்குப் பதிலாக ஊர்களையோ மருத்துவமனைகளையோ குலுக்கிப் போட்டிருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அப்போது கணக்கிடும் முறையே மாறிவிடும்.

'இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்' என்ற வாக்கியத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. யார் பிரித்தார்கள், எப்படிப் பிரித்தார்கள்? ஆர்வமாகத் தெரிந்தவர்களை மருத்துவர் பயிற்சிக் குழுவில் போட்டிருந்தாலும் இதே வாக்கியத்தை எழுதலாம். கணினி உருவாக்கிய சமவாய்ப்பு வரிசைப்படி, ஆட்களைச் சேர்க்கிறவருக்கு அடுத்த ஒதுக்கீடு எதுவென்று தெரியாதபடி ஒரு மையத்திலிருந்து ஒதுக்கினார்கள் என்றால், அதைப் பத்துப் பன்னிரண்டு சொற்களில் சொல்லிவிடலாம். ஆய்வை நம்பலாமா என்பதை வாசகர் முடிவு செய்ய முதலில் தேடுவது இந்தச் சொற்களைத்தான்.

மறைப்பு, அதாவது யார் எந்தக் குழுவில் இருக்கிறார் என்பது யாருக்குத் தெரியாமல் வைக்கப்பட்டது என்ற விஷயம், இதற்கடுத்து வரும். 'இரட்டை மறைப்பு' என்று இரண்டே சொல்லில் எழுதி நகர்ந்துவிடுவது பழைய வழக்கம். அந்த இருவர் யார் யார் என்று கேட்டால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். ஆகவே ஆட்களையே சொல்லுங்கள்: பங்கேற்பாளர்களுக்குத் தெரியுமா, சிகிச்சை கொடுத்தவர்களுக்குத் தெரியுமா, விளைவை அளந்தவர்களுக்குத் தெரியுமா? நம் ஆய்வில் உடற்பயிற்சி செய்கிறவருக்குத் தான் பயிற்சி செய்வது தெரியாமல் இருக்க வழியில்லை. தொலைபேசியில் வலி மதிப்பெண்ணைக் கேட்டுக் குறித்தவருக்குக் குழு தெரியாது. அப்படியென்றால் 'அளவிட்டவருக்கு மறைக்கப்பட்டது' என்று மட்டும் எழுதலாமா? இங்கே கவனமாக இருக்க வேண்டும். வலியை மதிப்பிட்டது மதிப்பெண்ணைக் கேட்டுக் குறித்தவர் அல்ல, வலியை அனுபவித்தவர். அவருக்குத் தன் குழு தெரியும். மறைக்கப்பட்டது யாருக்கு, மறைக்கப்படாதது யாருக்கு என்று இரண்டையும் எழுதினால்தான் வாசகருக்கு முழுப்படம் கிடைக்கும். மறைப்பு இல்லை என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பல ஆய்வுகளில் அதற்கு வாய்ப்பே கிடையாது.

முறைகள் பகுதியில் மிச்சமிருப்பது முதன்மை விளைவு. மொத்தச் சுருக்கமும் இந்த ஒரு வரியைச் சார்ந்துதான் நிற்கிறது. ஆய்வு தொடங்கும் முன்பே 'இதை வைத்துத்தான் முடிவு சொல்வோம்' என்று அறிவிக்கும் ஒற்றை அளவீடு அது. நம் ஆய்வில் 12ஆம் வாரத்தில் இரு குழுக்களுக்கும் இடையில் வலி மதிப்பெண்ணில் உள்ள வேறுபாடு. எதை, எந்த அளவுகோலில், எப்போது என்ற மூன்றும் வர வேண்டும். முதல் வரைவிலோ 'வலி, இயக்கம், காலை விறைப்பு, வாழ்க்கைத் தரம் முதலியவை' என்று எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டார்கள். அந்த 'முதலியவை' என்ற சொல் வாசகரிடமிருந்து எதையோ மறைக்கிறது என்று உடனே சந்தேகப்படலாம். எது முதன்மை என்று மேலே சொல்லாமல் விட்டுவிட்டால், கீழே எது நன்றாக வந்ததோ அதைத் தூக்கி முன்னால் வைத்துக்கொள்ள முடியும். வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள் என்று சொல்லவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் உழைத்த ஆய்வில் நல்ல செய்தியைத் தேடுவது மனித இயல்பு.

சரி, முடிவுகளுக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் கொஞ்சம் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

கன்சார்ட் முதலில் ஆட்களின் எண்ணிக்கையைக் கேட்கிறது, அதுவும் இரண்டு முறை. குலுக்கலில் ஒவ்வொரு குழுவுக்கும் எத்தனை பேர் ஒதுக்கப்பட்டார்கள், கடைசியில் ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேருடைய தரவு கணக்கில் வந்தது. நம் ஆய்வில் குழுவுக்கு 120 பேர் ஒதுக்கப்பட்டார்கள். கணக்கில் வந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 109, கையேட்டுக் குழுவில் 113. அதாவது 18 பேர் இடையில் விலகிவிட்டார்கள். இது ஒன்றும் பயப்படும் அளவு இல்லை. ஆனால் ஒரு குழுவில் 70 பேர்தான் மிஞ்சினார்கள் என்றால் கதையே வேறு, விலகியவர்கள் வலி தாங்காமல் விலகியவர்களாக இருக்கலாம். ஒதுக்கிய எண்ணை மட்டும் கொடுத்தால் வாசகருக்கு இது தெரியவே தெரியாது. ஆய்வு திட்டமிட்டபடி முடிந்ததா, பாதியில் நிறுத்தப்பட்டதா என்பதையும் பட்டியல் கேட்கிறது. முன்கூட்டியே நிறுத்தியிருந்தால் காரணத்தோடு ஒரு வாக்கியம் எழுதிவிடுங்கள்.

அப்புறம் முதன்மை விளைவின் முடிவு. முதல் வரைவு 'வலி குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது (p < 0.001)' என்கிறது. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று ஆய்வின் அட்டவணையைத் திறந்து பார்த்தால் விஷயம் புரியும். பயிற்சிக் குழுவில் தொடக்கத்தில் சராசரி வலி 58.6, 12ஆம் வாரத்தில் 44.2. இந்த இரண்டையும் ஒப்பிட்டதில் வந்த பி மதிப்புதான் அது, அதாவது உண்மையில் மாற்றமே இல்லாதபோது தற்செயலாகவே இவ்வளவு வேறுபாடு வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண். ஆனால் கையேட்டுக் குழுவிலும் வலி 58.9இலிருந்து 47.3க்கு இறங்கியிருக்கிறது! மூட்டுவலி கூடிக் குறையும் இயல்புடையது. வலி அதிகமாக இருக்கும்போதுதான் ஆட்கள் ஆய்வில் சேர வருவார்கள். எதுவுமே செய்யாமல் விட்டாலும் அடுத்த சில வாரங்களில் கொஞ்சம் இறங்கியிருக்கும். எதிர்க்குழு என்று ஒன்றை வைத்ததே இதைக் கழித்துப் பார்ப்பதற்காகத்தான். ஒரே குழுவின் முன், பின் எண்களை ஒப்பிட்டால், குலுக்கல் போட்டு 240 பேரைப் பிரித்த உழைப்பெல்லாம் வீணாகிவிடுகிறது.

எனவே கன்சார்ட் கேட்பது மூன்று பொருள்: ஒவ்வொரு குழுவின் முடிவு, இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு, அந்த வேறுபாடு எவ்வளவு துல்லியமானது. நம் ஆய்வில் 44.2க்கு எதிராக 47.3. வேறுபாடு 3.1 புள்ளிகள், பயிற்சிக் குழுவுக்குச் சாதகமாக. 95% நம்பிக்கை இடைவெளி 8.4 புள்ளி குறைவு முதல் 2.2 புள்ளி கூடுதல் வரை. பி மதிப்பு 0.25.

இந்த இடைவெளியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பயிற்சியின் உண்மையான பலன் எங்கே இருக்கலாம் என்று தரவு காட்டும் எல்லை அது. ஒரு முனையில் பயிற்சி வலியை 8.4 புள்ளி குறைக்கிறது, மறுமுனையில் 2.2 புள்ளி கூட்டுகிறது. ஆய்வைத் திட்டமிட்டபோது, நோயாளி உணரக்கூடிய அளவு என்றால் குறைந்தது 10 புள்ளியாவது இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளியின் மிக நல்ல முனைகூட அந்த 10ஐத் தொடவில்லை. ஆக இந்த ஆய்வு 'தெரியவில்லை' என்று கைவிரிக்கவில்லை. பயன் இருந்தாலும் அது நோயாளிக்குத் தெரியும் அளவுக்கு இருக்க வாய்ப்புக் குறைவு என்று தெளிவாகவே ஒரு பதிலைச் சொல்கிறது. பி மதிப்பை மட்டும் எழுதியிருந்தால் இந்தப் பதில் வெளியே வந்திருக்காது. 'வேறுபாடு இல்லை' என்று எழுதியிருந்தாலும் வந்திருக்காது.

விளைவு ஆம், இல்லை என்ற வகையாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. 200 பேரில் 8 பேருக்கு வந்த நோய், சிகிச்சைக் குழுவின் 200 பேரில் 4 பேருக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஆபத்து பாதியாகக் குறைந்தது' என்பதும் உண்மை, 'நூற்றுக்கு இரண்டு பேருக்குக் குறைந்தது' என்பதும் உண்மை. கன்சார்ட் இரண்டையும் எழுதச் சொல்கிறது. முதலாவதை மட்டும் எழுதினால் பெரிதாகத் தெரியும்.

காலை விறைப்பு பற்றிய 0.03 என்ன ஆயிற்று? நம் ஆய்வில் இரண்டாம் நிலை விளைவுகள் ஏழு. அதில் ஒன்றுதான் இப்படி வந்தது. உண்மையில் எந்தப் பலனும் இல்லாத ஒரு சிகிச்சையை, ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஏழு அளவீடுகளில் சோதித்தால், ஏதாவது ஒன்றிலாவது பி மதிப்பு 0.05க்குக் கீழே வர சுமார் 30% வாய்ப்பு இருக்கிறது. மூன்று முறைக்குக் கிட்டத்தட்ட ஒரு முறை. எனவே சுருக்கத்தில் அதை விட்டுவிடலாம். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் 'ஏழு இரண்டாம் நிலை விளைவுகளில் ஒன்றில் மட்டும்' என்று சேர்த்து எழுத வேண்டும். என் விருப்பம் இரண்டாவது, இடம் இருந்தால். மற்ற ஆறையும் அளந்தார்கள் என்பது வாசகருக்குத் தெரிவது நல்லது.

பாதகமான விளைவுகள் தனி அம்சம். 'பெரிய பக்கவிளைவுகள் எதுவும் இல்லை' என்ற வாக்கியத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு அடுத்த கேள்வி 'சின்னவை?' என்பதுதான். அட்டவணையில் இருக்கிறது பதில்: ஒரு வாரத்துக்கு மேல் நீடித்த கூடுதல் முழங்கால் வலி பயிற்சிக் குழுவில் 14 பேருக்கு, கையேட்டுக் குழுவில் 6 பேருக்கு. வலிக்காகச் செய்யும் சிகிச்சையில் வலியே கூடுதலாக வந்தவர்கள் இத்தனை பேர் என்பது நோயாளிக்குத் தேவையான தகவல். 'பாதுகாப்பானது', 'நன்கு தாங்கிக்கொள்ளப்பட்டது' போன்ற தீர்ப்புகளை எடுத்துவிட்டு இரு குழுக்களின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உண்மையிலேயே எதுவும் நடக்கவில்லை என்றாலும் 'இரு குழுக்களிலும் கடுமையான பாதிப்பு யாருக்கும் இல்லை' என்று எழுதலாம், சில சொற்கள்தான்.

முடிவுரைதான் பலர் முதலில் படிக்கும் பகுதி, சிலர் அதோடு நிறுத்தியும் விடுவார்கள். 2010இல் இசபெல் புட்ரோனும் உடன் ஆய்வாளர்களும் முதன்மை விளைவு சாதகமாக வராத 72 சமவாய்ப்பு ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தார்கள். சுருக்கத்தின் முடிவுரையில் மட்டும் 58% கட்டுரைகளில் முடிவைச் சாதகமாகத் திரித்துச் சொல்லும் போக்கு இருந்தது. அதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்பின்' என்று பெயர். கிரிக்கெட்டில் பந்தைச் சுழற்றுவது போலவே எண்களைத் தொடாமல் திசையை மட்டும் திருப்புவது. நம் முதல் வரைவு அதன் வழக்கமான மூன்று வழிகளையும் பயன்படுத்தியிருக்கிறது: குழுக்களுக்கு இடையில் ஒப்பிடாமல் ஒரே குழுவுக்குள் ஒப்பிட்டது, இரண்டாம் நிலை விளைவை முதன்மைக்குச் சமமாக நிறுத்தியது, இரண்டையும் வைத்துப் பரிந்துரை செய்தது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. முடிவுரையின் முதல் வாக்கியத்தையும் முறைகள் பகுதியில் உள்ள முதன்மை விளைவையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். மேலே கேட்ட கேள்விக்குக் கீழே பதில் இருக்கிறதா? 'பயனுள்ளது' என்பது 12ஆம் வார வலி வேறுபாடு பற்றிய பதில் இல்லை.

இதையெல்லாம் மனதில் வைத்து மாற்றி எழுதினால்:

> தலைப்பு: முழங்கால் மூட்டுத் தேய்மான வலிக்குத் தொலைபேசி வழிகாட்டுதலுடன் வீட்டுப் பயிற்சி: ஒரு சமவாய்ப்பு ஆய்வு
>
> பின்னணி: வீட்டுப் பயிற்சியுடன் வாராந்திரத் தொலைபேசி வழிகாட்டுதல் அளித்தால், தகவல் கையேட்டைவிட முழங்கால் வலி அதிகமாகக் குறைகிறதா என்று ஆராய்ந்தோம்.
>
> முறைகள்: இரு குழு இணைவடிவச் சமவாய்ப்பு ஆய்வு. நான்கு மருத்துவமனைகளின் புறநோயாளர் பிரிவுகளில், மூட்டுத் தேய்மானத்தால் குறைந்தது 3 மாதங்கள் வலி இருந்த, 45 வயதைக் கடந்தவர்கள் சேர்க்கப்பட்டனர். கணினி உருவாக்கிய வரிசைப்படி, ஒதுக்கீடு முன்கூட்டித் தெரியாத வகையில் மையத்திலிருந்து குழுக்கள் ஒதுக்கப்பட்டன. ஒரு குழு 12 வாரம் வீட்டுப் பயிற்சியும் வாரம் ஒரு தொலைபேசி வழிகாட்டுதலும் பெற்றது. மற்றது தகவல் கையேடும் வழக்கமான கவனிப்பும் பெற்றது. பங்கேற்பாளர்களுக்கும் வழிகாட்டியவர்களுக்கும் குழு தெரியும். தரவு சேகரித்தவர்களுக்கும் பகுப்பாய்வு செய்தவருக்கும் தெரியாது. முதன்மை விளைவு: 12ஆம் வாரத்தில் பங்கேற்பாளர் கூறிய வலி மதிப்பெண் (0 முதல் 100, 100 என்றால் மிகக் கடுமையான வலி). முக்கியமாகக் கருதத்தக்க வேறுபாடு 10 புள்ளிகள் என்று முன்பே முடிவு செய்யப்பட்டது.
>
> முடிவுகள்: 240 பேர் ஒதுக்கப்பட்டனர் (குழுவுக்கு 120). ஆய்வு திட்டமிட்டபடி முடிந்தது. பயிற்சிக் குழுவில் 109 பேரும் கையேட்டுக் குழுவில் 113 பேரும் பகுப்பாய்வில் இடம்பெற்றனர். சராசரி வலி முறையே 44.2, 47.3 (வேறுபாடு −3.1, 95% நம்பிக்கை இடைவெளி −8.4 முதல் 2.2 வரை; p = 0.25). ஏழு இரண்டாம் நிலை விளைவுகளில் காலை விறைப்பில் மட்டும் வேறுபாடு இருந்தது. ஒரு வாரத்துக்கு மேல் நீடித்த கூடுதல் முழங்கால் வலி 14 பேருக்கும் 6 பேருக்கும் ஏற்பட்டது. கடுமையான பாதிப்பு யாருக்கும் இல்லை.
>
> முடிவுரை: தொலைபேசி வழிகாட்டுதலுடன் வீட்டுப் பயிற்சி, தகவல் கையேட்டைவிட 12ஆம் வார வலியை முக்கியமான அளவு குறைக்கவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் வலி கூடியிருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் அதிகம்.
>
> பதிவு: பதிவேட்டின் பெயர், பதிவு எண். நிதி: நிதி அளித்த அமைப்பு.

கடைசி வரியில் இருக்கும் பதிவு எண்ணைப் பலர் சடங்காக நினைக்கிறார்கள். ஆட்களைச் சேர்க்கத் தொடங்கும் முன்பே ஆய்வைப் பொதுப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும் என்று மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு 2005இலிருந்து கேட்டு வருகிறது. எண் இருந்தால் யார் வேண்டுமானாலும் பதிவேட்டைத் திறந்து, முதன்மை விளைவு என்று அன்று அறிவித்ததும் இன்று சுருக்கத்தில் எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்க முடியும். நீங்களே அனுப்பும் முன் அதைச் செய்து பாருங்கள். பதிவில் '6ஆம் வாரம்' என்றும் சுருக்கத்தில் '12ஆம் வாரம்' என்றும் இருந்தால் இதழுக்காகக் கட்டுரையைச் சரிபார்க்கும் மதிப்பீட்டாளர் கண்டிப்பாகக் கேட்பார். நிதி அளித்தவரின் பெயர் எதற்கு என்றால், சிகிச்சையை விற்கிறவரே செலவு செய்தாரா என்று வாசகர் தெரிந்துகொள்ள.

சொற்கள் எல்லையைத் தாண்டினால் எதை வெட்டுவது? முதலில் பின்னணி, அடுத்து இரண்டாம் நிலை விளைவு வரி, அதற்கடுத்து புள்ளியியல் மென்பொருளின் பெயர் போன்றவை. குழுவாரியான எண்ணிக்கை, நம்பிக்கை இடைவெளி, பாதிப்புகள் மூன்றிலும் கை வைக்காதீர்கள். இதழ் 200 சொல்தான் தரும் என்றால், தனி வாக்கியமாக எழுதியதை அடைப்புக்குறிக்குள் சுருக்கலாம். பதிவு, நிதி வரிகளைப் பல இதழ்கள் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை, அந்த இதழின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு இன்னும் ஒரு வேலை இருக்கிறது. 1999இல் ராய் பிட்கினும் உடன் இருந்தவர்களும் ஆறு முன்னணி மருத்துவ இதழ்களின் சுருக்கங்களைக் கட்டுரையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, இதழைப் பொறுத்து 18% முதல் 68% வரையான சுருக்கங்களில் கட்டுரையோடு ஒத்துப்போகாத, அல்லது கட்டுரையில் எங்குமே இல்லாத தகவல் இருந்தது. பெரும்பாலும் காரணம் சாதாரணமாகத்தான் இருக்கும். சுருக்கத்தை முதலில் எழுதியிருப்பார்கள், மதிப்பீட்டாளர் கேட்டதால் அட்டவணையை மாற்றியிருப்பார்கள், சுருக்கத்தில் பழைய எண் அப்படியே நின்றுவிடும். அதனால் இறுதி வடிவத்தைத் தாளில் அச்செடுத்து, சுருக்கத்தில் வரும் ஒவ்வொரு எண்ணையும் வட்டமிட்டு, அது எந்த அட்டவணையின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். மேலே உள்ள சுருக்கத்தின் முடிவுகள் பகுதியில் 240இல் தொடங்கி 6 வரை ஒரு டஜன் எண்கள்தான் வரும். ஒருவர் சுருக்கத்திலிருந்து எண்ணை வாசிக்க, இன்னொருவர் அட்டவணையைப் பார்த்துச் சரி சொன்னால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். திருத்தம் முடிந்து கட்டுரை திரும்பிப் போகும் ஒவ்வொரு முறையும் இதை மறுபடி செய்ய வேண்டும்.